வாட்ஸ்அப்பில் வந்த வீட்டு பிளானில் ஸ்கேல் இல்லையா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இப்படி அளந்து பாருங்கள்

நம்ம சேனலில் வீட்டுக் கடன் பற்றி எப்போது வீடியோ போட்டாலும் கூடவே ஒரு கேள்வி வரும். "புரோக்கர் பிளானை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கார், ரூம் எவ்வளவு பெருசுன்னே தெரியல. இதை வச்சு விலை பேசலாமா?" பேசலாம், ஆனால் ஓரளவுக்குத்தான். அந்த ஓரளவு எவ்வளவு என்பதைத்தான் இங்கே கணக்குப் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

உதாரணத்துக்கு, துறையூரில் ஒரு தனி வீடு விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "1,150 சதுர அடி வரும்ணே, கட்டடத்துக்கு மட்டும் சதுர அடி 2,000 போட்டுக்குங்க, மனை விலை தனி" என்கிறார் புரோக்கர். கட்டடத்துக்கு மட்டும் 23 லட்சம் ஆகிறது. அவர் அனுப்பிய போட்டோவில் பிளானின் அடிப்பகுதி வெட்டுப்பட்டுப் போயிருக்கிறது. ஸ்கேல், இன்ஜினியர் பெயர், அனுமதி எண் எல்லாம் அந்த அடிப்பகுதியில்தான் இருக்கும். மிச்சம் இருப்பதில் ஒரு பெட்ரூமுக்குள் மட்டும் 10'0" x 12'0" என்று எழுதியிருப்பது படிக்க முடிகிறது.

முதலில் ஒரு விஷயம். ஒருவேளை அடிப்பகுதி வெட்டுப்படாமல் 1:100 என்று தெரிந்திருந்தாலும், போட்டோவில் அதற்கு மதிப்பு கிடையாது. 1:100 என்றால் காகிதத்தில் 1 சென்டிமீட்டர், தரையில் 1 மீட்டர். அது அசல் காகிதத்துக்கு மட்டும்தான் பொருந்தும். போட்டோ எடுத்து, நாலு பேருக்கு ஃபார்வர்டு ஆகி, நீங்கள் ஏ4 தாளில் பிரிண்ட் போடும்போது படம் சுருங்கியிருக்கும் அல்லது பெருத்திருக்கும். கோடு போட்டு 0, 5, 10 என்று பிரித்துக் காட்டும் பட்டை ஸ்கேல் இருந்தால் அது வேறு. படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கும், அதனால் அதை நம்பலாம். இந்தப் படத்தில் அதுவும் இல்லை. நமக்கு இருக்கும் ஒரே பிடி அந்த பெட்ரூம் அளவுதான்.

படத்தை ஸ்கேன் ஆப்பில் போட்டு நேராக்கிக்கொள்ளுங்கள். வீட்டின் எதிரெதிர் சுவர்கள் இணையாக வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு பிரிண்ட் எடுத்து, பள்ளிக்கூட ஸ்கேலால் அளக்கலாம். சுவரின் உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் வரை அளக்க வேண்டும், ஏனென்றால் அறைக்குள் எழுதும் அளவு சுவரைச் சேர்க்காதது. நம் பெட்ரூம் குறுக்கே 40 மில்லிமீட்டர் வருகிறது. 10 அடிக்கு 40 என்றால் அடிக்கு 4 மில்லிமீட்டர். நீளவாக்கில் 12 அடிக்கு 48 வந்திருக்க வேண்டும், வந்ததோ 45. அப்படியென்றால் அடிக்கு 3.75 மில்லிமீட்டர்தான்.

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாய்வாக எடுத்த படத்தை ஆப் நேராக்கும்போது மூலைகளைச் சதுரமாக்கிவிடும். ஆனால் அகலத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதத்தை அது உத்தேசமாகத்தான் போடுகிறது. அதனால் குறுக்குக்கு ஒரு கணக்கு, நீளத்துக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ஹாலை அளப்போம். குறுக்கே 56, நீளம் 60 மில்லிமீட்டர். 56-ஐ 4-ஆல் வகுத்தால் 14 அடி, 60-ஐ 3.75-ஆல் வகுத்தால் 16 அடி. ஹால் 14-க்கு 16. இரண்டுக்கும் 4-ஆல் வகுத்திருந்தால் 15 அடிதான் வந்திருக்கும், ஹாலில் 14 சதுர அடி காணாமல் போயிருக்கும்.

கணக்கு சரியா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பெட்ரூமும் ஹாலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வெளிச்சுவர் 9 இன்ச், நடுச்சுவர் நாலரை இன்ச் என்று எடுத்துக்கொண்டால் 10 அடி, 14 அடி, இரண்டு வெளிச்சுவர், ஒரு நடுச்சுவர் எல்லாம் சேர்த்து 25 அடி பத்தரை இன்ச். படத்தில் வீட்டின் மொத்த அகலம் 104 மில்லிமீட்டர், அதாவது 26 அடி. ஒத்துப்போகிறது. பெரிய வித்தியாசம் வந்திருந்தால் காகிதம் மடிந்திருக்கும், அல்லது எழுதிய எண்ணை நாம் தப்பாகப் படித்திருப்போம் (மங்கலான படத்தில் 10-ம் 16-ம் ஒரே மாதிரிதான் தெரியும்).

மொத்த நீளம் 135 மில்லிமீட்டர், அதாவது 36 அடி. 26-ஐ 36-ஆல் பெருக்கினால் 936 சதுர அடி. புரோக்கர் சொன்னது 1,150. வாசலில் தூண் மட்டும் போட்ட போர்டிகோ 40-க்கு 45 மில்லிமீட்டர், அதாவது 10-க்கு 12 அடி, 120 சதுர அடி. அதையும் சேர்த்தால் 1,056. இன்னும 94 சதுர அடிக்கு விவரம் இல்லை. 2,000 ரூபாய் வீதம் அது 1,88,000 ரூபாய்.

உடனே சண்டைக்குப் போய்விடாதீர்கள். நம் அளவிலும் தவறு இருக்கலாம். 40 மில்லிமீட்டரில் 1 மில்லிமீட்டர் பிசகினாலே இரண்டரை சதவீதம். இரண்டு பக்கமும் அப்படிப் பிசகினால் பரப்பில் 5 சதவீதம். ஆக 1,056 என்பது சுமார் 1,003-லிருந்து 1,109 வரை இருக்கலாம். 1,150 அதற்கும் வெளியே நிற்கிறது. அதனால் கேட்கலாம்: "மாடிப்படி ஹெட்ரூம், சன்ஷேடு எல்லாம் சேர்த்துச் சொல்றீங்களா? போர்டிகோவுக்கும் அதே ரேட்டா?" 1,090 என்று சொல்லியிருந்தால், இந்தப் போட்டோவை வைத்து வாதாட நமக்கு இடமில்லை.

936 என்பதும் சுவர்களோடு சேர்த்த கணக்கு. வெளிச்சுவரைக் கழித்தால் 24½-க்கு 34½, சுமார் 845 சதுர அடி. 2016-ம் வருட ரெரா சட்டம் சொல்லும் கார்பெட் ஏரியா கிட்டத்தட்ட இதுதான். உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்கள் அதில் சேரும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாத மனையில் கட்டும் திட்டத்துக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. துறையூர் மாதிரி ஊரில் தனி வீடு வாங்கும்போது இணையதளத்தில் போய்ச் சரிபார்க்க ஒன்றும் இருக்காது.

சரி, பெட்ரூம் அளவும் எழுதியிருக்கவில்லை என்றால்? பத்திரத்தைக் கேளுங்கள். "கிழமேல் 30 அடி, தென்வடல் 50 அடி" என்று மனை அளவு அதில் இருக்கும். பிளானில் மனை எல்லைக் கோடு முழுசாகத் தெரிந்தால் அதுவே ஸ்கேல். பெட்ரூம் அளவைவிட இது நீளமான கோடு என்பதால் பிசகும் குறைவு.

அதுவும் இல்லையென்றால் கடைசியாகக் கதவு. பெட்ரூம் கதவு பெரும்பாலும் 3 அடி. ஆனால் அது 2 அடி 9 இன்ச்சாக இருந்துவிட்டால், நீங்கள் 14 அடி என்று நினைத்த ஹால் நிஜத்தில் 12 அடி 10 இன்ச்தான். பரப்பில் 16 சதவீதம் அடிபடும். கட்டில், சோபா, கார் படங்களை அளவுக்கு எடுக்கவே வேண்டாம். அறை பெரிதாகத் தெரிவதற்காகக் கட்டிலைச் சின்னதாக வரைவது உண்டு. கதவை மட்டும் வைத்து அளந்தால் தாளின் மேலேயே "ஸ்கேல் இல்லை, கதவு 3 அடி என்ற உத்தேசம்" என்று எழுதி வையுங்கள். வீட்டில் மற்றவர்கள் அந்த எண்ணை நிஜம் என்று நினைத்துக் கடன் கணக்குப் போட்டுவிடக் கூடாது. அந்த எண்ணை வைத்து பீரோ நுழையுமா என்று யோசிக்கலாம், விலை பேசக் கூடாது.

நேரில் போகும்போது 100 அடி டேப் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், வீட்டின் வெளி அகலம், வெளி நீளம், போர்டிகோ மூன்றையும் அளங்கள். அரை மணி நேர வேலை. நகராட்சி அனுமதி கொடுத்த பிளானின் முழுத் தாளையும் கேட்டு வாங்குங்கள், போட்டோ வேண்டாம், நகல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பேங்க் அனுப்பும் மதிப்பீட்டு இன்ஜினியரும் அந்தத் தாளோடுதான் வீட்டை ஒப்பிடுவார். அவர் கணக்கில் பரப்பு குறைந்தால் கடன் தொகையும் குறையலாம், வித்தியாசத்தை நீங்கள்தான் கையிலிருந்து போட வேண்டியிருக்கும். அட்வான்ஸ் கொடுத்த பிறகு அது தெரிய வந்தால், விலையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு அவ்வளவாகப் பிடி இருக்காது.