வாரத்தில் எத்தனை நாள் ஜிம்முக்குப் போகமுடியும்?

வாரம் மூன்று நாள் மட்டுமே ஜிம்முக்கு வரமுடிகிற பலர் ‘புஷ் புல் லெக்ஸ்’ முறையைப் பிடித்துக்கொள்கிறார்கள். திங்களன்று தள்ளும் பயிற்சிகள்: மார்பு, தோள், டிரைசெப்ஸ். புதனன்று இழுக்கும் பயிற்சிகள்: முதுகு, பைசெப்ஸ். வெள்ளியன்று கால். பார்க்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு தசைக்கும் வாரம் ஒரு முறைதான் வேலை. ஒரு புதன்கிழமை வேலை முடியத் தாமதமானால் முதுகுக்கு அடுத்த பயிற்சி 14 நாள் கழித்துத்தான்.

பளு தூக்கியபின் தசை தன்னைக் கட்டிக்கொள்ளும் வேலை ஒன்றிரண்டு நாள் வேகமாக நடந்து, பிறகு தணிந்துவிடும். பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் 2016இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வாரம் இருமுறை வேலை வாங்கிய தசை அதிகம் வளர்ந்திருந்தது. 2019இல் மேலும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மொத்த செட்கள் சமமாக இருந்தால் அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லை. ஆக, நாட்களின் எண்ணிக்கையைவிட, வாரம் முழுவதும் எத்தனை நல்ல செட் கிடைத்தது என்பதே முக்கியம்.

மார்புக்கு வாரம் 9 செட் என்று வைத்துக்கொள்வோம். திங்களன்றே ஒன்பதையும் செய்தால், முதல் செட்டில் 60 கிலோவைப் பத்து முறை தூக்கியவரால் ஏழாவது செட்டில் ஆறு முறைகூட முடியாமல் போகலாம். அதையே நாளுக்கு மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு செட்டும் புத்துணர்ச்சியோடு நடக்கும். மூன்று நாட்காரருக்கு ‘ஃபுல் பாடி’யை நான் சொல்வது இதனால்தான். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், ரோயிங், ஷோல்டர் பிரஸ், ரொமேனியன் டெட்லிஃப்ட், ஒவ்வொன்றிலும் 3 செட்: ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு நாள் தவறினாலும் எல்லாத் தசைக்கும் இரண்டு முறை வேலை கிடைத்திருக்கும்.

இதற்கும் எல்லை உண்டு. பளு ஏற ஏற, செட்டுக்கு நடுவே ஓய்வு மூன்று நான்கு நிமிடமாக நீளும். கடைசிப் பயிற்சியில் எடை மாதக்கணக்கில் நகராது. நோட்டில் எழுதி வருபவருக்கு இது உடனே தெரியும். அந்தக் கட்டத்தில் நான்காவது நாள் ஒதுக்கமுடிந்தால் ‘அப்பர் லோயர்’ முறைக்கு மாறலாம்: திங்கள், வியாழன் இடுப்புக்கு மேல்; செவ்வாய், வெள்ளி கால்கள். எல்லாமே வாரம் இருமுறை.

புஷ் புல் லெக்ஸ் ஆறு நாள் வருகிறவர்களுக்கானது. சுற்று இருமுறை முடிவதால் ஒவ்வொரு தசைக்கும் வாரம் இரண்டு முறை வேலை. ஐந்து நாள் வருபவர் அதைக் கிழமையோடு கட்டிப்போடக்கூடாது. விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டும். இல்லையென்றால் வார இறுதியில் வரும் லெக் டேதான் எப்போதும் பலியாகும்.

எதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும், போன இரண்டு மாதத்தில் உண்மையில் எத்தனை நாள் போனீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆறு நாள் திட்டமிட்டு நான்கு நாள் போயிருந்தால், உங்கள் கணக்கு நான்குதான்.