மஞ்சளாகும் திரை

புரொஜெக்டர் வாங்கிய முதல் வருடம் வகுப்பறை ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே படம் காட்டலாம். இரண்டு மூன்று வருடம் போனதும் ஜன்னலைச் சாத்த வேண்டிவரும், பிறகு டியூப்லைட்டையும் அணைக்க வேண்டிவரும். அதன்பின் திரையில் வெள்ளை என்பது பழைய நோட்டுத் தாளின் நிறத்துக்கு வந்துவிடும். ஏதோ ஒரு கோடைப் பிற்பகலில், பாதிப் பாடத்தில் படம் தானாக அணைந்துபோகும். உடனே எல்லோரும் சொல்வது, “லேம்ப் போயிடுச்சு.” பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது லேம்ப் போடுவார்கள். வெளிச்சம் கொஞ்சம் கூடும். ஆனால் மஞ்சள் அப்படியே இருக்கும், அணைவதும் தொடரும். மங்குவது, மஞ்சளாவது, அணைவது ஆகிய மூன்றும் கருவிக்குள் மூன்று வெவ்வேறு இடங்களில் நடப்பவை. சூடு என்ற ஒன்றுதான் மூன்றையும் இணைக்கிறது.

பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அதிகம் தொங்குவது லேம்ப் வைத்த எல்சிடி வகை புரொஜெக்டர். அந்த லேம்புக்குள் இழை கிடையாது. தடித்த குவார்ட்ஸ் கண்ணாடிக் குமிழுக்குள் டங்ஸ்டனால் ஆன இரண்டு முனைகள் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. உள்ளே சிறிதளவு பாதரசம் இருக்கிறது. கரண்ட் பாய்ந்ததும் பாதரசம் ஆவியாகி, முனைகளுக்கு நடுவே ஒளிப்பொறி நின்று எரிகிறது. அப்போது குமிழுக்குள் அழுத்தம் வெளிக்காற்றைப் போல 200 மடங்கைத் தாண்டும். கார் டயருக்குள் இருப்பது மூன்று மடங்கும் கொஞ்சமும்தான்.

இப்படி எரிய எரிய டங்ஸ்டன் முனைகள் தேய்கின்றன. இடைவெளி கூடுகிறது, பொறி நீள்கிறது. பின்னாலுள்ள குவிகண்ணாடி ஒரு புள்ளியிலிருந்து வரும் ஒளியைக் குவிக்கத்தான் செய்யப்பட்டது. பொறி நீண்டால் ஒளியின் ஒரு பகுதி லென்ஸுக்குப் போகாமல் வழியிலேயே வீணாகிறது. தேய்ந்த டங்ஸ்டனில் கொஞ்சம் குமிழின் உட்சுவரில் கரியாகப் படிகிறது. கரி படிந்த இடம் ஒளியை உறிஞ்சி இன்னும் சூடாகிறது. அளவுக்கு மீறிச் சூடான குவார்ட்ஸ் தெளிவை இழந்து பால்போல வெளுக்கிறது. வயதான லேம்பைக் கழற்றிப் பார்த்தால் இந்தக் கருமையோ வெண்மையோ கண்ணுக்கே தெரியும்.

லேம்ப் ஆயுள் 5,000 மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருந்தால், அதுவரை முழு வெளிச்சம் தந்துவிட்டு அதன்பின் அணையும் என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த எண்ணுக்குப் பொதுவான பொருள் வேறு. அத்தனை மணி நேரத்தில் வெளிச்சம் புதிதில் இருந்ததில் பாதியாகக் குறையும் என்பதுதான் கணக்கு. அதுவும் சீராகக் குறைவதில்லை. தொடக்க மாதங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இறங்கும். தினமும் 5 மணி நேரம், வருடத்துக்கு 200 நாள் ஓடும் வகுப்பறை புரொஜெக்டர் 5 வருடத்தில் அந்த எல்லையைத் தொடும். மெதுவாகக் குறைவதால் தினமும் பார்ப்பவருக்கு அது தெரியாது. புதிதாக வந்த ஆசிரியர்தான் “ஏன் இவ்வளவு டல்லா இருக்கு?” என்று கேட்பார்.

இப்போது ஒரு வகுப்பறையை எடுத்துக்கொள்வோம். மூன்று வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடிய எல்சிடி புரொஜெக்டர். மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறை என்பதால் மேற்கூரை மதியத்தில் கொதிக்கும். திருட்டுக்குப் பயந்து புரொஜெக்டரைச் சுற்றி இரும்புத் தகட்டுப் பெட்டி அடித்திருக்கிறார்கள். படம் மங்கல். இடது பக்கத்தில் மஞ்சள் படர்ந்திருக்கிறது. போட்டு இருபது நிமிடத்தில் அணைகிறது. மெனுவில் Lamp Hours என்ற இடத்தில் 2,600 காட்டுகிறது. 5,000 மணி நேர லேம்புக்கு இது நடுவயது. வெளிச்சம் குறைந்திருப்பது இயல்பு. ஆனால் இந்த அளவு மங்கலுக்கு லேம்பை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

முதலில் அணைவதைப் பார்க்க வேண்டும். எத்தனை நேரத்தில் அணைகிறது என்பதே பாதி விடை. சுவிட்ச் போட்ட ஒரு நிமிடத்துக்குள் அணைந்தாலோ, எரிய முயன்று தோற்றாலோ லேம்ப், அதற்கு மின்சாரம் தரும் பேலஸ்ட், சரியாக மூடாத லேம்ப் மூடி இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். நன்றாக எரிந்து பதினைந்து, இருபது நிமிடம் கழித்து அணைந்தால், அணைந்த பிறகும் ஃபேன் இரைந்துகொண்டிருந்தால், அது சூடு. கருவியின் மேல் LAMP, TEMP என்று சிறு விளக்குகள் இருக்கும். எது சிவப்பாகிறது என்பது இதை உறுதி செய்துவிடும். நம் வகுப்பறையில் TEMP சிவப்பாகிறது.

உள்ளே சூட்டை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. சூடு ஏறத் தொடங்கியதும் கருவி முதலில் ஃபேனை வேகமாக ஓட்டும். பல மாடல்களில் அடுத்த கட்டமாக லேம்புக்குப் போகும் மின்சாரத்தைத் தானே குறைக்கும். அதனால் படம் மங்கும். அதற்கும் அடங்காவிட்டால்தான் லேம்பை அணைக்கும். ஆகவே நம் வகுப்பறையின் மங்கலில் ஒரு பங்கு லேம்பின் முதுமையால் வந்ததல்ல, கருவி தன்னைக் காத்துக்கொள்ள எடுத்த முடிவு. லேம்ப், பேனல் எல்லாவற்றையும் வேகாமல் காப்பாற்றும் ஏற்பாடு இது. அதை ஏமாற்ற உணரியைத் துண்டித்துத் தரும் ரிப்பேர்காரர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்ய ஒருபோதும் விடக்கூடாது.

சூடு ஏறுவது ஏன்? பிளக்கைப் பிடுங்கி, கருவி ஆறிய பிறகு பக்கவாட்டிலோ பின்னாலோ உள்ள ஃபில்டர் மூடியைத் திறந்தால் தெரிந்துவிடும். சாக்பீஸ் தூளும் தெருப் புழுதியும் சேர்ந்து கம்பளிபோல அப்பியிருக்கும். எல்சிடி பேனல்கள் மீது நேராகக் காற்று வீச வேண்டியிருப்பதால்தான் இந்த வகைக் கருவிகளில் ஃபில்டர் வைக்கிறார்கள். அது அடைத்தால் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் இழுக்கக் காற்று இருக்காது. மென்மையான பிரஷ்ஷாலோ சிறிய வேக்யூம் கிளீனராலோ தூசியை எடுக்கலாம். தண்ணீரில் கழுவுவது பல ஃபில்டர்களுக்கு ஆகாது. மேனுவல் அனுமதித்தால் மட்டுமே கழுவலாம். கிழிந்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் தூசி பேனலிலேயே உட்கார்ந்து, திரையில் கலங்கலான வண்ணப் பொட்டுகளாகத் தெரியும். கல்யாண மண்டபங்களில் சாம்பிராணிப் புகையும் சமையல் எண்ணெய் ஆவியும் சேர்ந்து பிசுபிசுப்பாகப் படியும். அது பிரஷ்ஷுக்கு அசையாது, புது ஃபில்டர்தான் போட வேண்டும்.

ஃபில்டரைத் துடைத்த பின் நம் புரொஜெக்டர் இருபது நிமிடத்துக்குப் பதில் ஒரு மணி நேரம் ஓடுகிறது, பிறகு அணைகிறது. மிச்சக் குற்றம் அந்த இரும்புப் பெட்டியுடையது. ஒரு பக்கம் வெளியே தள்ளிய சூடான காற்று பெட்டிக்குள்ளேயே சுற்றிவந்து மறுபக்கம் உள்ளே போகிறது. காற்று நுழையும் வாயருகே ஒரு சாதாரண வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்க்கலாம். பெரும்பாலான கருவிகள் 35 அல்லது 40 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும்படி செய்யப்பட்டவை. வேலூரில் மே மாத மதியம் வெளியிலேயே 40 டிகிரி இருக்கும்போது, கூரையை ஒட்டிய பெட்டிக்குள் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தகட்டை எடுத்துவிட்டுக் கம்பி வலை போட்டதும் அணைவது நின்றுவிடுகிறது. இதற்குப் பிறகும் அணைந்தால், உள்ளே ஏதாவது ஒரு ஃபேன் தூசியால் இறுகி மெதுவாகச் சுற்றுகிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மலைப்பகுதியில் காரணம் வேறாக இருக்கும். ஊட்டியில் குளிர்கிறதே, புரொஜெக்டர் எப்படிச் சூடாகும் என்று தோன்றலாம். 2,200 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால், அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் குறைந்த சூட்டையே சுமந்து போகும். சுமார் 1,500 மீட்டருக்கு மேல் மெனுவில் High Altitude Mode என்பதைப் போட வேண்டும். ஃபேன் இரைச்சல் கூடும், கருவி பிழைக்கும்.

வெளிச்சம் ஓரளவு திரும்பிவிட்டது. மஞ்சள் மட்டும் போகவில்லை. வெள்ளையிலிருந்து நீலம் குறைந்தால் மிஞ்சுவது மஞ்சள். ஆகவே நீலம் எங்கே தொலைகிறது என்று தேட வேண்டும். பழைய விஜிஏ கேபிள் என்றால் நீலத்துக்கான ஒரு ஊசி வளைந்தோ விட்டுப்போயோ இருக்கலாம். கேபிளைப் பிடுங்கிவிட்டு, புரொஜெக்டரின் சொந்த மெனுவை மட்டும் திரையில் வரவழைத்தால் இது தெரிந்துவிடும். மெனுவின் வெள்ளை எழுத்து வெள்ளையாக இருந்தால் கோளாறு கேபிளிலோ கம்ப்யூட்டரிலோ. மெனுவும் மஞ்சளடித்தால் கோளாறு புரொஜெக்டருக்குள்.

எல்சிடி புரொஜெக்டர் லேம்பின் வெள்ளை ஒளியை சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பேனல் வழியே அனுப்பி, கடைசியில் ஒன்று சேர்க்கிறது. ஒவ்வொரு பேனலுக்கும் முன்னும் பின்னும் போலரைசர் என்ற மெல்லிய தகடுகள் உண்டு. படத்தில் இருட்டாக வேண்டிய இடத்தின் ஒளியை விழுங்குவது அவைதான். விழுங்கிய ஒளி சூடாகிறது. மூன்று நிறங்களில் நீலத்துக்குத்தான் வீரியம் அதிகம். அந்த வீரியமும் சூடும் சேர்ந்து நீலப் பாதையின் போலரைசரையும் பேனலையும் முதலில் கெடுக்கின்றன. ஃபில்டர் அடைத்து மாதக்கணக்கில் ஓடிய கருவியில் இது வெகு சீக்கிரம் நடக்கும். கண்ணாடிகளால் வேலை செய்யும் டிஎல்பி கருவிகளில் இந்தத் தகடுகள் இல்லை. எனவே இந்த விதமான மஞ்சள் அவற்றில் வராது.

உறுதி செய்ய, கம்ப்யூட்டரில் திரை முழுக்க ஒரே நீலம் நிரம்பிய படத்தைப் போட வேண்டும். பிறகு சிவப்பு, அடுத்து பச்சை. நம் வகுப்பறையில் சிவப்பும் பச்சையும் சீராக இருக்கின்றன. நீலத்தில் மட்டும் இடது பக்கம் இருண்ட திட்டு விழுகிறது. லேம்ப் குற்றவாளியாக இருந்தால் திட்டாக விழாது, திரை முழுக்கக் குறையும். எனவே புது லேம்பால் பலன் இல்லை. நீலப் பக்கத்துப் போலரைசரை மட்டும் மாற்றத் தெரிந்த கடைகள் பெரிய ஊர்களில் இருக்கின்றன. பேனலே கெட்டிருந்தால் ஒளிப் பகுதியை மொத்தமாக மாற்ற வேண்டிவரும். கருவியின் வயதைப் பார்த்தால் அந்தச் செலவு தகாது. கணக்குப் பாடத்துக்கு மட்டும் என்றால் மஞ்சளோடு இன்னும் இரண்டு வருடம் ஓட்டலாம். வரைபடமும் உயிரியல் படமும் காட்டும் வகுப்புக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

லேம்பை மாற்ற வேண்டிய நாள் வந்தால் கண்ணாடியில் விரல் படாமல் பிடித்து மாட்டி, மெனுவில் மணிக்கணக்கைப் பூஜ்யமாக்க வேண்டும். பழைய லேம்பை வைத்துக்கொண்டே எச்சரிக்கையை நிறுத்துவதற்காகப் பூஜ்யமாக்குவது ஆபத்து. நலிந்த குவார்ட்ஸ் அத்தனை அழுத்தத்தில் வெடிக்கக்கூடும். வெடித்தால் பாதரச ஆவி வெளிவரும். பிள்ளைகளை உடனே வெளியேற்றி, பிளக்கைப் பிடுங்கி, ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும். மின்வெட்டில் அணைந்த லேம்பை கரண்ட் வந்த கையோடு போட முயலவும் கூடாது. சூடாக இருக்கும்போது உள்ளழுத்தம் அதிகம் என்பதால் பொறி பற்றாது. திரும்பத் திரும்ப முயன்றால் முனைகள்தான் தேயும். பத்து நிமிடம் ஆறவிட்டால் தானே பற்றிக்கொள்ளும்.

இப்போது வரும் லேசர் புரொஜெக்டர்களில் பாதரச லேம்ப் இல்லை. பல மாடல்களுக்கு 20,000 மணி நேரம் என்று போடுகிறார்கள். லேசரும் சூட்டுக்கு அஞ்சும், எல்சிடி பேனல் வைத்த லேசர் கருவிகளிலும் ஃபில்டர் உண்டு. மாற்ற லேம்ப் இல்லை என்பதால் மூடியை யாரும் திறப்பதே இல்லை. அந்த ஃபில்டரைத்தான் பருவத்துக்கு ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.