ஆட்சேபணை விடைத்தாள் (பின்னலாடை விற்பனை)

ஆட்சேபணை விடைத்தாள் என்பது ஒரு பொருளை வாங்க வருபவர் எழுப்பக்கூடிய தயக்கங்களையும் மறுப்புகளையும் முன்கூட்டியே பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் தரவேண்டிய விடையை எழுதிவைக்கும் உள்பயன்பாட்டுத் தாள் ஆகும். வாங்குபவருக்குக் காட்டப்படும் ஸ்லைடுகளின் தொகுப்பு (பொருள் விளக்கக்கோப்பு) இதற்கு அடிப்படையாக அமைகிறது. விடைகளை அந்த ஸ்லைடுகளில் இருந்து மட்டுமே எடுப்பது இதைத் தயாரிக்கும் முறைகளுள் ஒன்று. ஸ்லைடில் இல்லாததை "இல்லை" என்றே எழுதுவது இம்முறையின் அடிப்படை விதி.

திருப்பூர் நகரின் வடபகுதியில் உள்ள நெருப்பெரிச்சல் போன்ற இடங்களில் இயங்கும் பின்னலாடை நிறுவனங்கள் பெரும்பாலும் வெளிநாட்டு வாங்குநர்களுடன் மின்னஞ்சல் வழியாகவே பேசுகின்றன. அந்த மின்னஞ்சல்களுக்கு விடை எழுதுபவர் மெர்ச்சன்டைசர். இக்கட்டுரை அவருடைய மேசையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது.

== ஸ்லைடுக்குள் நிற்பதன் காரணம் ==

வாங்குநரின் கையில் எழுத்தாக இருப்பது விளக்கக்கோப்பு மட்டுமே. மெர்ச்சன்டைசர் தன் அனுபவத்தில் இருந்து கூடுதலாக ஒரு வரி எழுதினால், அதுவும் நிறுவனத்தின் வாக்குறுதியாகவே படிக்கப்படும். "எங்கள் துணி சுருங்காது" என்று ஒருவர் எழுதிய மின்னஞ்சல், சரக்கு போய்ச் சேர்ந்தபின் கழிவு கேட்பதற்கான ஆதாரமாகத் திரும்பி வரலாம். அதே கேள்விக்கு அடுத்த மேசையில் இருப்பவர் "5 விழுக்காடு வரை சுருங்கும்" என்று எழுதியிருந்தால் சிக்கல் இன்னும் கூடும்.

எல்லோரும் ஒரே ஸ்லைடைப் பார்த்து எழுதும்போது விடைகள் ஒன்றுபோல அமைகின்றன. விளக்கக்கோப்பில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரியவருகிறது.

== தயாரிக்கும் முறை ==

முதல் வேலை, ஸ்லைடுகளைக் கூற்றுகளாகப் பிரிப்பது. ஒரு ஸ்லைடில் மூன்று கூற்றுகள் இருந்தால் மூன்று வரிகள் எழுத வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் ஸ்லைடு எண் இடப்படும். அளவோடு சொல்லப்பட்டது, சான்றிதழைச் சார்ந்தது, செய்யப்போவதாகச் சொன்னது, வெறும் அடைமொழி என ஒவ்வொரு கூற்றின் தன்மையும் பக்கத்தில் குறிக்கப்படும். "மிருதுவான, உயர்தரத் துணி" என்பது அடைமொழி. அதிலிருந்து எந்த விடையும் எழுத முடியாது.

இரண்டாவது வேலை, ஆட்சேபணைகளைச் சேர்ப்பது. இவற்றை மேசையில் உட்கார்ந்து கற்பனை செய்யாமல் பழைய மின்னஞ்சல்களில் இருந்தும், கண்காட்சிகளில் எடுத்த குறிப்புகளில் இருந்தும் எடுப்பது நல்லது. வாங்குநரின் சொற்களை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். "துவைத்தபின் பக்கத் தையல் முன்பக்கம் திரும்பி வருகிறது" என்ற குறையை "தரம் குறித்த ஐயம்" என்று சுருக்கினால், விடையும் பொத்தாம் பொதுவாகிவிடும்.

மூன்றாவது வேலை, இரண்டையும் பொருத்துவது. ஸ்லைடு கேள்விக்கு முழுமையாக விடை சொல்லலாம், பாதி சொல்லலாம், வாங்குநர் விரும்பாத விடையைச் சொல்லலாம், அல்லது பேசாமலே இருக்கலாம். இந்த நான்கில் எது என்று தீர்மானித்த பிறகே விடையை எழுதத் தொடங்க வேண்டும். வரிசையை மாற்றி முதலில் விடையை எழுதிவிட்டு, பிறகு ஸ்லைடைத் தேடினால், ஏதாவது ஒரு ஸ்லைடு பொருந்துவதுபோலவே தோன்றும்.

== ஓர் எடுத்துக்காட்டு ==

விளக்கத்துக்காக, பருத்தி டி-ஷர்ட் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் 12 ஸ்லைடுகள் கொண்ட விளக்கக்கோப்பை எடுத்துக்கொள்வோம். அதில் நமக்குத் தேவையானவை பின்வருமாறு:

* ஸ்லைடு 3: 24-ஆம் நம்பர் கோம்டு பருத்தி நூல், சிங்கிள் ஜெர்சி, 180 ஜி.எஸ்.எம்., ±5%.
* ஸ்லைடு 5: ஐ.எஸ்.ஓ. 6330 முறையில் துவைத்தபின் சுருக்கம் நீளத்திலும் அகலத்திலும் 5% வரை.
* ஸ்லைடு 6: ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100, பொருள் வகுப்பு 2.
* ஸ்லைடு 7: நிறுவனத்தின் ஜி.ஓ.டி.எஸ். ஸ்கோப் சான்றிதழின் படம்.
* ஸ்லைடு 9: குறைந்தபட்ச ஆர்டர் நிறம் ஒன்றுக்கு 600 பீஸ்.
* ஸ்லைடு 10: சாயமிடும் ஆலை பூஜ்ய கழிவு வெளியேற்ற முறையில் இயங்கும் பொது சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்தது.

=== முழு விடை ===

ஆட்சேபணை: "போன முறை வேறிடத்தில் வாங்கிய துணி எடை குறைவாக வந்தது."

விடை: "180 ஜி.எஸ்.எம். என்பது எங்கள் அளவு. அதில் 5% கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது 171 முதல் 189 வரை (ஸ்லைடு 3)."

இங்கே கணக்குப் போட்டுச் சொல்வது ஸ்லைடைத் தாண்டுவது ஆகாது, ஏனெனில் 171-உம் 189-உம் ஸ்லைடில் உள்ள எண்களில் இருந்தே வருகின்றன. "பொதுவாக 180-க்குக் குறையாது" என்று எழுதினால்தான் அது தாண்டல்.

=== பாதி விடை ===

ஆட்சேபணை: "நீங்கள் ஆர்கானிக் என்கிறீர்கள். எங்கள் ஆர்டரும் ஜி.ஓ.டி.எஸ். சரக்காக வருமா?"

ஸ்கோப் சான்றிதழ் ஒரு நிறுவனம் ஜி.ஓ.டி.எஸ். முறைப்படி சரக்கு செய்யத் தகுதி பெற்றது என்பதைக் காட்டும். குறிப்பிட்ட ஒரு சரக்கு அந்த முறையில் ஆனது என்பதற்குத் தனியாக டிரான்சாக்ஷன் சான்றிதழ் வேண்டும். ஸ்லைடு 7-இல் இருப்பது முதலாவது மட்டுமே. மேலும் ஸ்லைடு 3 "பருத்தி" என்றுதான் சொல்கிறது, ஆர்கானிக் பருத்தி என்று சொல்லவில்லை.

விடை: "எங்களிடம் ஜி.ஓ.டி.எஸ். ஸ்கோப் சான்றிதழ் உள்ளது (ஸ்லைடு 7). ஸ்லைடு 3-இல் உள்ள துணி ஆர்கானிக் என்று விளக்கக்கோப்பு சொல்லவில்லை. உங்கள் ஆர்டருக்கு டிரான்சாக்ஷன் சான்றிதழ் கிடைக்குமா என்பதைக் கேட்டுத் தெரிவிக்கிறோம்."

எழுதுபவரின் துறை அறிவு எதற்குப் பயன்படுகிறது என்பதை இந்த விடை காட்டுகிறது. ஸ்லைடை அதன் அளவுக்கு மேல் படிக்காமல் தடுப்பதற்கே அது பயன்படுகிறது. விடையை நீட்டுவதற்கு அல்ல.

நொய்யல் ஆற்று மாசு பற்றிய கேள்வியும் இதே வகையைச் சேர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்ட செய்தி பல வாங்குநர்களுக்குத் தெரியும். "இப்போது ஆறு சுத்தமாகிவிட்டதா?" என்று ஒருவர் கேட்டால், ஸ்லைடு 10-ஐ வைத்து ஆற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சாய ஆலை எந்த வகைச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்தது என்பதை மட்டும் சொல்லலாம். எவ்வளவு நீர் மீண்டும் பயன்படுகிறது என்ற அளவு ஸ்லைடில் இல்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

=== எதிர்மறை விடை ===

ஆட்சேபணை: "இதே துணியில் கைக்குழந்தைகளுக்கான உடுப்பும் வேண்டும். ஓகோ-டெக்ஸ் இருக்கிறதல்லவா?"

ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100-இல் மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கான பொருள்கள் வகுப்பு 1-இல் வருகின்றன. தோலை ஒட்டி அணியும் மற்ற உடைகள் வகுப்பு 2-இல் வருகின்றன. வகுப்பு 1-க்கான வரம்புகள் கடுமையானவை.

விடை: "எங்கள் சான்றிதழ் வகுப்பு 2-க்கு உரியது (ஸ்லைடு 6). அது கைக்குழந்தை உடுப்புக்குப் போதாது."

"சான்றிதழ் இருக்கிறது" என்று மட்டும் எழுதினால் அதில் பொய் இராது. ஆனாலும் வாங்குநர் ஏமாந்துபோவார். எதிர்மறை விடையில் முதல் வாக்கியமோ இரண்டாவது வாக்கியமோ "இல்லை" என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நிறத்துக்கு 200 பீஸ் கேட்பவருக்கும் "600-க்குக் குறைவாக இல்லை (ஸ்லைடு 9)" என்பதே விடை. "பார்த்துச் செய்யலாம்" என்ற சொல் தாளில் இடம்பெறக் கூடாது.

=== ஸ்லைடு பேசாத இடம் ===

பக்கத் தையல் திருகுவது சிங்கிள் ஜெர்சி துணியில் நன்கு தெரிந்த குறை. எடுத்துக்காட்டு விளக்கக்கோப்பில் அதற்கான அளவு இல்லை. ஸ்லைடு 5 சுருக்கத்தைப் பற்றியது. சுருக்கமும் திருகலும் வேறு வேறு என்பதால் அதை இங்கே விடையாகக் காட்ட முடியாது.

விடை: "தையல் திருகல் அளவு விளக்கக்கோப்பில் இல்லை. தரப்பிரிவிடம் சோதனை அறிக்கை கேட்டிருக்கிறோம்."

"வங்கதேசத்தில் இதைவிட மலிவு" என்ற ஆட்சேபணையும் இங்கேதான் வரும். இந்த விளக்கக்கோப்பில் விலையே இல்லை. எனவே ஒப்பிட்டு எதுவும் சொல்ல முடியாது. ஸ்லைடு 3-இல் உள்ள நூல், எடை விவரத்தைக் கொடுத்து, அதே துணிக்கான விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்கலாம். அதற்கு மேல் போவதற்கு ஸ்லைடு இடம் தரவில்லை.

== தவறுகள் நுழையும் இடங்கள் ==

வரம்பைச் சராசரியாக மாற்றிவிடுவது அடிக்கடி நேரும் தவறு. "5% வரை" என்பது "சுமார் 3%" என்று மாறிவிடும். ஆய்வகத்தில் 3% வந்த நினைவு எழுதுபவருக்கு இருக்கலாம், ஆனால் அது ஸ்லைடில் இல்லை.

இரண்டு ஸ்லைடுகளை ஒட்டி மூன்றாவது கூற்றை உருவாக்குவது இன்னொரு தவறு. ஸ்லைடு 3-இல் பருத்தி இருக்கிறது, ஸ்லைடு 7-இல் ஜி.ஓ.டி.எஸ். இருக்கிறது என்பதால் "ஜி.ஓ.டி.எஸ். பருத்தி" என்று எழுதிவிடுவது அப்படிப்பட்டது. தனித்தனியே இரண்டும் உண்மையாக இருப்பதால் இது எளிதில் கண்ணில் படாது.

மூன்றாவது தவறு பதிப்பு சார்ந்தது. விளக்கக்கோப்பில் ஒரு ஸ்லைடு கூடுதலாகச் சேர்ந்தால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் மாறும். சான்றிதழ்களின் காலமும் முடியும். ஆகவே எந்தத் தேதியிட்ட விளக்கக்கோப்பில் இருந்து தயாரானது என்பதைத் தாளின் தலைப்பில் குறிக்க வேண்டும். சான்றிதழ் விடைகளின் பக்கத்தில் ஸ்லைடில் காணும் முடிவுத் தேதியையும் எழுத வேண்டும்.

== சரிபார்த்தல் ==

தாளை எழுதாத ஒருவரிடம் தாளையும் விளக்கக்கோப்பையும் மட்டும் கொடுக்க வேண்டும். அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஸ்லைடில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாத வாக்கியம் நீக்கப்படும். "எப்போதும்", "எல்லா", "உறுதியாக" போன்ற சொற்கள் ஸ்லைடிலும் இருக்கின்றனவா என்று தனியாகப் பார்ப்பது நல்லது. பெரும்பாலும் அவை எழுதுபவரின் கையில் இருந்து வந்தவையாக இருக்கும்.

== வரம்புகள் ==

ஸ்லைடில் இருப்பது உண்மையா என்பதை இந்தத் தாள் சோதிப்பதில்லை. ஸ்லைடு 5 தவறாக இருந்தால் விடையும் தவறாகவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வக அறிக்கைதான் வேண்டும். ஸ்லைடு பேசாத கேள்விகள் அதிகமாக இருந்தால் தாளைத் திருத்திப் பயனில்லை. அந்தக் கேள்விகளைத் தனிப் பட்டியலாக்கி, விளக்கக்கோப்பைத் தயாரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டில் தையல் திருகல் அளவும், ஸ்லைடு 3 துணி ஆர்கானிக்கா இல்லையா என்பதும் அந்தப் பட்டியலின் முதல் இரண்டு வரிகளாக அமையும். அவை ஸ்லைடில் ஏறிய பிறகே தாளில் விடையாக ஏறும்.