தலையணைகளின் கணக்கு

மூச்சுத் திணறலுடன் வருவோரிடம், எத்தனை தலையணை வைத்து உறங்குகிறீர்கள் என்று கேட்பது என் வழக்கம். நெடுநாள் உயர் ரத்த அழுத்தம் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒன்று மூன்றாகி இரு மாதங்கள் ஆயின என்றார்.

நிமிர்ந்து படுக்கும்போது, பகலில் கால்களில் தேங்கிய நீர் ரத்தத்தில் கலந்து மார்பை நோக்கித் திரும்புகிறது. தளர்ந்த இதயத்தால் அதை முன்னே தள்ள இயலாததால் நுரையீரலில் அழுத்தம் ஏறி மூச்சு முட்டுகிறது. எழுந்து அமர்ந்தால் தணிகிறது.

கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது விரலால் அழுத்தி எடுத்தேன். குழி நின்றது. அம்லோடிபின் மாத்திரையால் வந்த வீக்கம் என்று அவர் எண்ணியிருந்தார். அம்மருந்தால் கால் வீங்குவது உண்மையே; ஆனால், அது படுக்கையில் மூச்சை முட்டச் செய்யாது. கழுத்துச் சிரையும் புடைத்திருந்தது.

ரத்தத்தில் என்டி-புரோபிஎன்பி அளவு 125-க்குக் கீழிருந்தால் இதயச் செயலிழப்புக்கு வாய்ப்பு குறைவு. பருமனானவர்களுக்கு இவ்வளவு ஏமாற்றக்கூடும். அவருக்கு 2,100. எக்கோவில், இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிலுள்ள ரத்தத்தில் 35 சதவீதத்தையே வெளியேற்றியது. அது 50-க்கு மேல் இருந்திருந்தாலும் நான் அவரை அனுப்பிவிட்டிருக்க மாட்டேன்: நன்கு சுருங்கியும் விரிய மறுக்கும் விறைத்த இதயமும் இதே தலையணைகளைக் கேட்கும்.