எட்டாத குன்றின் உயரம்

திருப்பதியிலிருந்து சித்தூர் செல்லும் சாலையில் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் சென்றால் சந்திரகிரிக் கோட்டை வரும். விஜயநகர அரசர்களின் கடைசித் தலைநகரங்களுள் ஒன்றாக விளங்கிய ஊர் அது. அங்கே ராஜ மஹாலைக் கண்டு முடித்துப் பின்னால் எழும் பாறைக் குன்றை நோக்கும் எவருக்கும் எழும் கேள்வி ஒன்று உண்டு: இது எவ்வளவு உயரம் இருக்கும்? சுமார் 183 மீட்டர் என்று நூல்கள் கூறுகின்றன. உச்சியிலிருந்து கயிறு இறக்கி எவரும் அதை அளந்திருக்க இயலாது. கயிறு சரிவில் படிந்துவிடும். தரையில் நின்றபடியே இத்தகைய உயரத்தைக் காண்பது எவ்வாறு என்பதையும், அக்கணக்கு எங்கே நம்மை ஏமாற்றும் என்பதையும் இங்கே ஆராய்வோம்.

முதலில் வேண்டியது கோணத்தை அளக்க ஒரு கருவி. பள்ளிச் சிறுவனின் பெட்டியில் இருக்கும் கோணமானியே போதும். அதன் நேர் விளிம்பு மேலாகவும் வளைவு கீழாகவும் இருக்கும்படி பிடித்து, நடுப்புள்ளியில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியில் சிறு கல்லைத் தொங்கவிட வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டு செய்யும் வேலையையே இக்கல்லும் செய்கிறது. விளிம்பு கிடைமட்டமாக இருக்கும்போது நூல் 90 பாகையில் நிற்கும். விளிம்பின் வழியே உச்சியைப் பார்க்கும்பொருட்டுக் கருவியைச் சாய்த்தால் நூல் 90-ஐ விட்டு விலகும். எத்தனை பாகை விலகிற்றோ அதுவே ஏற்றக் கோணம். அதாவது கண்மட்டத்திலிருந்து நம் பார்வை எவ்வளவு மேலே ஏறியது என்பதன் அளவு. ஒருவர் உச்சியைப் பார்த்துக்கொண்டிருக்க, மற்றொருவர் நூல் நிற்கும் இடத்தைப் படிப்பது நலம். காற்று வீசும் நேரத்தில் இக்கருவியை நம்ப வேண்டா.

எளிய கணக்கிலிருந்து தொடங்குவோம். திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலின் பெரிய கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். நம் கண்ணிலிருந்து கோபுரத்தை நோக்கி ஒரு கிடைக்கோடு, கோபுரத்தின் நடுவே ஒரு நிலைக்கோடு, கண்ணிலிருந்து கலசத்துக்குச் செல்லும் பார்வைக்கோடு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணம் ஆகின்றன. பார்வைக்கோடு வானத்தில் இருப்பது. அதை நாடா வைத்து அளக்க முடியாது. எனவே அக்கோட்டைச் சார்ந்த சைன், கொசைன் என்னும் விகிதங்கள் இங்கே நமக்கு உதவுவதில்லை. தரையில் உள்ள தூரத்தையும் நிலைக்குத்தான உயரத்தையும் இணைப்பது டேன்ஜெண்ட் என்னும் விகிதம். ஒரு மீட்டர் விலகி நின்றால் அக்கோணத்தில் எத்தனை மீட்டர் உயரம் தென்படும் என்பதே அதன் பொருள். 45 பாகைக்கு அது சரியாக 1. 30 பாகைக்கு 0.577. மற்றக் கோணங்களுக்குரிய எண்களைக் கணித அட்டவணையில் காணலாம்.

45 பாகை தெரியும் இடத்தில் நிற்பதே மிகவும் வசதி. தூரம் எவ்வளவோ உயரமும் அவ்வளவே. கோபுரச் சுவரிலிருந்து நாம் 38 மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். உயரம் 38 மீட்டர், அதனுடன் தரையிலிருந்து நம் கண்ணின் உயரம் ஒன்றரை மீட்டர், ஆக 39½ என்று கணக்கை முடித்துவிடத் தோன்றும். அவ்வாறு முடித்தால் அது பிழை. கலசங்கள் முன்சுவருக்கு நேர் மேலே இல்லை. வாயிலின் உள்வழி நடுவுக்கு நேர் மேலே வரிசையாக நிற்கின்றன. ஆகவே வாயிலுள் நுழைந்து உள்வழியின் நீளத்தை அளந்து, அதில் பாதியையும் தூரத்தோடு கூட்ட வேண்டும். அப்பாதி 8 மீட்டர் என்றால் தூரம் 46, உயரம் 47½ மீட்டர். மறந்திருந்தால் கோபுரத்தில் 8 மீட்டரைக் குறைத்திருப்போம்!

கோபுரத்தில் இக்குறையை நாடாவைக் கொண்டு தீர்த்துவிட்டோம். சந்திரகிரிக் குன்றில் அது நடவாது. உச்சிக்கு நேர் கீழே உள்ள புள்ளி பாறையின் வயிற்றுக்குள் எங்கோ இருக்கிறது. அதுவரையிலும் நாடா செல்லாது. தூரமும் தெரியாது, உயரமும் தெரியாது. அறியாதவை இரண்டு ஆனதால் கோணமும் இரண்டு இடங்களில் எடுக்க வேண்டும்.

சமமான தரையில் உச்சி நன்கு தெரியும் ஓரிடத்தில் நின்று கோணம் எடுக்கிறோம், 17 பாகை. பிறகு உச்சியை நோக்கி நேர்கோட்டில் 200 மீட்டர் முன்னேறி மீண்டும் எடுக்கிறோம், 25 பாகை. (இவ்வெண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை.) இப்போது விகிதத்தைத் தலைகீழாக்கிப் பார்ப்போம். உயரத்தைப் போல் எத்தனை மடங்கு தூரத்தில் நிற்கிறோம் என்று அது சொல்லும். இதற்குக் கோடேன்ஜெண்ட் என்று பெயர். 17 பாகைக்கு அது 3.2709, அதாவது முதலிடத்தில் நாம் குன்றின் உயரத்தைப் போல் சுமார் மூன்றேகால் மடங்கு தூரத்தில் நின்றோம். 25 பாகைக்கு 2.1445, இரண்டாமிடம் இரண்டு மடங்குக்குச் சற்று மேல். இரண்டிற்கும் வித்தியாசம் 1.1264 மடங்கு. அந்த வித்தியாசமே நாம் நடந்த 200 மீட்டர் அன்றோ? எனவே 200-ஐ 1.1264-ஆல் வகுத்தால் உயரம் கிடைத்துவிடுகிறது: 177.6 மீட்டர். கண்ணின் உயரம் ஒன்றரை மீட்டரைக் கூட்ட, குன்று நாம் நிற்கும் தரையிலிருந்து சுமார் 179 மீட்டர். உயரம் தெரிந்தபின் தூரமும் தெரிந்துவிடும், 177.6-ஐ 2.1445-ஆல் பெருக்கினால், இரண்டாமிடத்திலிருந்து உச்சிக்கு நேர் கீழுள்ள புள்ளிவரை சுமார் 381 மீட்டர். பாறைக்குள் மறைந்திருந்த புள்ளியை இவ்வாறு கண்டுவிட்டோம்.

கணக்குப் புத்தகங்கள் இதோடு நின்றுவிடும். உண்மையான சங்கடம் இதற்குமேல்தான் தொடங்குகிறது. நம் கோணமானியில் அரைப் பாகை கூடக்குறையப் படித்துவிடுவது மிகச் சாதாரணம். இரண்டாமிடத்தில் 25-க்குப் பதில் 25½ என்று படித்தோமானால் விடை 178 அன்று, 170 ஆகும்; 24½ என்றால் 186. எட்டு மீட்டர் பிழை பெரிதுதான், ஆயினும் பொறுக்கலாம். இப்போது வெயிலுக்கு அஞ்சி 200 மீட்டர் நடக்காமல் 40 மீட்டரோடு நின்றுவிட்டதாக வைத்துக்கொள்வோம். அங்கே உண்மையான கோணம் 18 பாகைக்குச் சற்று மேல். அதை நாம் 18 என்று படித்தால் உயரம் 207 மீட்டர் என்று வரும். 18½ என்று படித்தால் 142 மீட்டர்! குன்றும் அதே, மனிதரும் அவரே, கருவியும் அதுவே. கோணங்கள் இரண்டும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிவிட்டதே காரணம். சிறிய வித்தியாசத்தால் வகுக்கும்போது அதிலுள்ள சிறு பிழையும் பன்மடங்காகப் பெருகிவிடுகிறது. ஆகையால் அளக்கும் கோடு நீண்டிருக்க வேண்டும். நாம் காணும் உயரத்துக்குக் குறையாத நீளம் இருந்தால் நல்லது.

1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்ப்டன் தம் நில அளவையைத் தொடங்கியபோது இதை நன்கு உணர்ந்திருந்தார். அவர் முதலில் எந்தக் குன்றின் உயரத்தையும் காண முற்படவில்லை. சமதரையில் சுமார் 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே கோட்டை நூறு அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். வெயிலில் எஃகு நீளுமாதலால் சங்கிலியை மரப்பெட்டிகளில் வைத்து, உடன் வெப்பமானிகளையும் வைத்துத் திருத்தம் செய்தார். அந்தக் கோட்டை அடிப்படையாகக் கொண்டு, அதன்பின் கோணங்களாலேயே முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தென்னிந்தியாவின் குறுக்கே மேற்குக் கரைவரை அளவை சென்றது. வழியில் பெங்களூரில் 1804-இல் மற்றொரு கோட்டைச் சங்கிலியால் அளந்து பார்த்தபோது, கணக்கால் வந்த நீளத்துக்கும் அளந்த நீளத்துக்கும் சில அங்குலங்களே வேறுபாடு இருந்தது. கோணம் எடுப்பவருக்கு நாடா பிடிப்பதில் பொறுமை வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று நமக்குக் கிடைப்பது அரிது.

இன்னும் ஒரு பிழை தரையிலிருந்து வருவது. குன்றை நெருங்க நெருங்க நிலம் சற்று மேலேறுவது இயல்பு. கண்ணுக்கு அது எளிதில் புலப்படாது. நம் கணக்கோ இரண்டு இடங்களும் ஒரே மட்டத்தில் உள்ளன என்று எண்ணிக்கொள்கிறது. கட்டட வேலையில் பயன்படும் நீர்க்குழாய் மட்டத்தைக் கொண்டு முதலிடத்தையும் இரண்டாமிடத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. பூமியின் உருண்டை வடிவம் நம் குன்றுக்குப் பொருட்டன்று; பத்து கிலோமீட்டர் தொலைவில் அது உச்சியை ஏழு மீட்டர் அளவே தாழ்த்திக் காட்டும். ஆனால் இத்தாழ்வு தூரத்தின் வர்க்கத்தைப் போல் வளர்வதால், ஐம்பது கிலோமீட்டரில் 170 மீட்டர் அளவுக்கு ஏறிவிடும். சந்திரகிரிக் குன்று ஏறத்தாழ முழுவதுமே மறைந்துவிடும் தாழ்வு அது. தொலைவிலுள்ள மலைகளைக் கோணமானியும் அட்டவணையும் மட்டும் கொண்டு அளக்கப் புகுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

நம் விடை சரியா என்று நூலைப் பாராமலே அறிய ஒரு வழி உண்டு. இரண்டு இடங்களுக்கும் நடுவே, முதலிடத்திலிருந்து 100 மீட்டரில், மூன்றாம் முறை நின்று பார்க்க வேண்டும். உயரம் 177.6, தூரம் 381-உடன் 100 சேர்ந்து 481. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.369. அட்டவணையில் இதற்குரிய கோணம் 20 பாகைக்குச் சற்று மேல். நூல் இருபதேகால் அருகே நின்றால் நம் 17-உம் 25-உம் நம்பத்தக்கவை. இருபத்திரண்டு என்று காட்டினால் எங்கோ தவறியிருக்கிறோம். ஒன்று, உச்சியை நோக்கி நேராக நடக்காமல் பக்கவாட்டில் விலகியிருப்போம். அல்லது இரண்டு இடங்களிலும் ஒரே பாறைமுனையைப் பார்க்காமல், அருகே சென்றபின் முன்னால் மறைத்து நிற்கும் வேறொரு முனையை உச்சியென்று கொண்டிருப்போம். இந்த இரண்டாவது தவறு மிகவும் எளிதில் நேர்வது. அதனால் முதலிடத்திலேயே உச்சியில் ஒரு மரத்தையோ சிதைந்த மதிலின் மூலையையோ அடையாளமாகக் குறித்துக்கொண்டு, அதையே மூன்று இடங்களிலும் பார்க்க வேண்டும்.