முகம் தெரியவில்லை, டேப் மாறியது: ஆன்லைன் தேர்வின் கண்காணிப்புத் திரையைப் படிப்பது எப்படி?

ஆன்லைன் தேர்வைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கு இரண்டு முகங்கள் உண்டு. தேர்வு எழுதுபவருக்குத் தெரிவது, திரையின் ஓரத்தில் திடீரென்று முளைக்கும் எச்சரிக்கை: Face not detected என்றோ, Tab switch warning 1 of 3 என்றோ ஒரு சிவப்புப் பெட்டி. கண்காணிப்பாளருக்குத் தெரிவது வேறு. ஒவ்வொரு தேர்வரின் பெயருக்கு எதிரிலும் எத்தனை நிகழ்வுகள் ஃப்ளாக் ஆகியிருக்கின்றன என்ற எண், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம், பெயரைச் சொடுக்கினால் நேரவாரியாக ஒரு பட்டியல். பிரச்சினைகளில் பெரும்பாலானவை இந்த எண்ணையும் நிறத்தையும் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதில்தான் தொடங்குகின்றன.

முதலில் முகம். வெப்கேம் ஓடிக்கொண்டே இருந்தாலும் மென்பொருள் ஒவ்வொரு நொடியையும் ஆராய்வதில்லை. சில நொடிகளுக்கு ஒரு படத்தை எடுத்து, அதில் முகம் போன்ற ஒன்று இருக்கிறதா என்று தேடி, எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதற்குப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஒரு மதிப்பெண் போடுகிறது. தேர்வு நடத்துபவர் வைத்திருக்கும் வரம்புக்குக் கீழே அந்த மதிப்பெண் விழுந்தால் Face not detected. நாற்காலியில் ஆள் இல்லை என்பது இதன் பொருளல்ல. அந்தப் படத்தில் முகம் என்று உறுதியாகச் சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை என்பது மட்டுமே பொருள். ஆள் மாறாட்டத்தைச் சொல்வது வேறொரு ஃப்ளாக். அடையாள அட்டைப் படத்தோடு முகத்தை ஒப்பிட்டு, பொருந்தவில்லை என்றால் வருவது அது. இரண்டையும் குழப்பிக்கொள்ளும் கண்காணிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

ஆள் இருந்தும் முகம் ஏன் தொலைகிறது? 2001இல் பால் வயோலாவும் மைக்கேல் ஜோன்ஸும் வெளியிட்ட முகங்காணும் முறையைப் பார்த்தால் இது விளங்கும். கண்கள் இருக்கும் பட்டை கன்னத்தைவிடக் கருமையாக இருக்கும், மூக்குத்தண்டு இருபுறக் கண்களைவிட வெளிச்சமாக இருக்கும் என்பது போன்ற ஒளி, நிழல் வேறுபாடுகளைத்தான் அந்த முறை தேடியது. இன்றைய மென்பொருள்கள் லட்சக்கணக்கான படங்களில் பயிற்றப்பட்ட நரம்பு வலைப்பின்னல்களைப் பயன்படுத்துகின்றன. ஆனாலும் வெளிச்சம் கெட்டால் அவையும் தடுமாறும். தேர்வர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தால் கேமரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ளும். முகம் இருட்டுக் கோடாகிவிடும். தலைக்குப் பின்னால் சுவரில் எரியும் டியூப்லைட்டும் இதையே செய்யும். இன்னொரு காரணம் குனிவது. கணக்குத் தாளில் இரண்டு வரி போட்டுப் பார்க்கக் குனிந்தால், லேப்டாப்பின் மேல்விளிம்பில் இருக்கும் கேமராவுக்கு உச்சந்தலை மட்டும்தான் தெரியும்.

தோல் நிறமும் இந்தப் பேச்சில் வருகிறது. ஆம்ஸ்டர்டாமின் வ்ரிய பல்கலைக்கழக மாணவி ஒருவர், ப்ரொக்டோரியோ மென்பொருள் தன் கருநிற முகத்தைக் கண்டுகொள்ளவில்லை, தலைக்கு மேல் விளக்கைப் பிடித்தபடிதான் தேர்வு எழுத முடிந்தது என்று முறையிட்டார். பாகுபாடு நடந்திருக்கலாம் என்று கருத இடமிருக்கிறது என 2022 டிசம்பரில் நெதர்லாந்தின் மனித உரிமைக் கழகம் இடைக்காலத் தீர்ப்பு சொன்னது. 2023 அக்டோபரில் வந்த இறுதித் தீர்ப்பு, அவர் விஷயத்தில் பாகுபாடு நிரூபணமாகவில்லை என்றது. ஆனால் அவருடைய புகாரைப் பல்கலைக்கழகம் கவனமாகக் கையாளவில்லை என்றும் சொன்னது. முதல் பாதியை மட்டுமே நினைவில் வைத்துக்கொண்டு பலர் எழுதுகிறார்கள். இரண்டாவது பாதிதான் தேர்வு நடத்துபவர்களுக்கு அதிகம் தேவை.

அடுத்தது டேப் எச்சரிக்கை. இதற்கு கேமராவோடு தொடர்பில்லை. பிரவுசர் தரும் சேதி இது. பிரவுசர் இரண்டு வெவ்வேறு சேதிகளைத் தருகிறது. தேர்வுப் பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் போனால், அதாவது வேறு டேப் திறந்தாலோ ஜன்னலைச் சுருக்கினாலோ, `visibilitychange` என்ற நிகழ்வு எழும். பக்கம் திரையில் அப்படியே தெரிந்துகொண்டிருக்க, கவனம் மட்டும் வேறு இடத்துக்குப் போனால் எழுவது `blur`. முகவரிப் பட்டையில் கை பட்டால் `blur`. வைரஸ் தடுப்பு மென்பொருளின் பெட்டி ஒன்று குதித்து முன்னால் வந்தால் `blur`. தேர்வுப் பக்கத்துக்குள்ளேயே பதித்திருக்கும் கால்குலேட்டரைச் சொடுக்கினாலும் சில அமைப்புகளில் `blur` எழும். ஆனால் பல மென்பொருள்கள் இரண்டையும் ஒரே பெயரில், Tab switch என்றே தேர்வருக்குக் காட்டி, மூன்று முறை ஆனதும் தேர்வைத் தானாகச் சமர்ப்பித்துவிடுகின்றன. தேர்வு வழங்கிய கால்குலேட்டரைத் தொட்டதற்காக ஒருவர் வெளியே போவது இப்படித்தான்.

டேப் எச்சரிக்கைக்கு ஓர் எல்லை உண்டு. தேர்வர் எங்கே போனார் என்று சாதாரண இணையப் பக்கத்துக்குத் தெரியாது. கூகுளில் தேடினாரா, குதித்த அப்டேட் பெட்டியை மூடினாரா என்று பிரவுசர் சொல்லாது. போனார், இத்தனை நொடியில் திரும்பினார் என்று மட்டும் சொல்லும். போன இடம் தெரிய வேண்டுமானால் திரைப்பதிவு ஓட வேண்டும், அல்லது தேர்வர் தனி நீட்சியை நிறுவி அனுமதி கொடுத்திருக்க வேண்டும். சூரிக் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் உருவான சேஃப் எக்ஸாம் பிரவுசர் போன்ற பூட்டுப் பிரவுசர்கள் வேறு வழியில் போகின்றன: மாறுவதைப் பதிவு செய்வதைவிட, மாறவே விடுவதில்லை. ஆனால் மடியில் இருக்கும் இரண்டாவது செல்போனை இவற்றில் எதுவும் பார்க்காது. அதைக் காட்டக்கூடியது கேமரா மட்டும்தான், அதுவும் கண் போகும் திசையாக.

இப்போது ஒரு பட்டியலைப் படித்துப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்காக அமைத்தது இது. காலை 10 மணிக்குத் தொடங்கிய ஒரு மணி நேரத் தேர்வு, நாற்பது கொள்குறி வினாக்கள். கண்காணிப்பாளர் திரையில் ஒரு தேர்வருக்கு இருப்பது:

```
10:07:12  Face not detected    4s
10:19:40  Tab switch (1/3)     2s
10:31:05  Face not detected   48s
10:44:18  Tab switch (2/3)    37s
10:44:57  Answer changed      Q23
```

முதல் வரி நான்கு நொடி. ஒன்றிரண்டு படங்களில் முகம் தப்பியிருக்கிறது. பேனா விழுந்திருக்கலாம், தும்மியிருக்கலாம். இதைத் தாண்டிப் போய்விடலாம். இரண்டாவது வரி இரண்டு நொடி. விவரத்தைத் திறந்தால் எழுந்தது `blur` மட்டுமே, பக்கம் மறையவே இல்லை. இரண்டு நொடியில் ஒரு பெட்டியை மூடலாம். வினாவைத் தட்டச்சு செய்து விடை தேட முடியாது.

மூன்றாவது வரி பார்த்தவுடன் பயமுறுத்தும். 48 நொடி முகமே இல்லை. இங்கே எண்ணை விட்டுப் படத்துக்குப் போக வேண்டும். படங்களில் உச்சந்தலையும் அசையும் வலது தோளும் தெரிகின்றன; அப்போது திரையில் இருந்தது பதினெட்டாவது வினா, வட்டிக் கணக்கு; நிமிர்ந்ததும் விடை குறித்திருக்கிறார். தாளில் கணக்குப் போட அனுமதி உள்ள தேர்வில் இது எதிர்பார்க்க வேண்டியதே. படத்தில் காலி நாற்காலி தெரிந்திருந்தால் கதை வேறு. படமே இல்லாமல் வெறும் இடைவெளி இருந்தால் அது மூன்றாவது கதை: இணையம் அறுந்து படங்கள் போய்ச் சேரவில்லை. சில மென்பொருள்கள் இந்த இடைவெளியையும் முகமின்மைக் கணக்கிலேயே சேர்த்துவிடுகின்றன. மின்தடையில் மோடம் அணைந்த வீட்டில் லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்போது நடப்பது இதுதான்.

நான்காவது வரியில்தான் நிற்க வேண்டும். 37 நொடி பக்கம் முழுவதும் மறைந்திருந்தது. அந்த நேரம் முழுக்க முகம் கேமராவில் தெளிவாக இருக்கிறது, கண் திரையிலேயே இருக்கிறது. ஆக அதே கணினியில் வேறெதையோ பார்த்திருக்கிறார். 10:44:55க்குத் திரும்பியவர், இரண்டே நொடியில் இருபத்து மூன்றாவது வினாவின் விடையை மாற்றுகிறார். இரண்டு நொடியில் வினாவை மறுபடி படித்து யோசிக்க முடியாது. மறைந்த நேரம், கண், விடை மாற்றம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. இங்கேகூட மறைந்திருந்தபோது திரையில் என்ன இருந்தது என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. ஆகவே தேர்வரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்பதுதான் சரி. நேராக மதிப்பெண்ணைப் பறிப்பது அல்ல.

நிறங்களின் சிக்கலும் இதே பட்டியலில் தெரிகிறது. பல திரைகள் நிகழ்வுகளின் எண்ணிக்கையைக் கூட்டித் தேர்வர்களை வரிசைப்படுத்துகின்றன. மங்கலான அறையில் பதினைந்து முறை நான்கு நொடி முகம் தப்பிய நேர்மையானவர் சிவப்பில் மேலே நிற்பார். ஒரே ஒரு முறை 37 நொடி போய் வந்தவர் பச்சையில் கீழே கிடப்பார். எண்ணிக்கையைவிட ஒரு நிகழ்வின் நீளமும், அதன் முன்னும் பின்னும் விடைத்தாளில் நடந்ததும் அதிகம் பேசும். இதைப் பார்க்க ஆளுக்குச் சில நிமிடங்கள் வேண்டும். ஆயிரக்கணக்கானோர் எழுதும் தேர்வில் யாரும் அந்த நிமிடங்களைத் தருவதில்லை.

அமெரிக்காவின் ப்ராக்டர்யூ நிறுவனம் 2021 மே மாதத்தில், மனிதர் இல்லாமல் மென்பொருள் மட்டுமே கண்காணிக்கும் சேவையை விற்பதை நிறுத்தியது. மென்பொருள் ஃப்ளாக் செய்த தேர்வுகளில் சுமார் 11 சதவீதத்தை மட்டுமே கல்வி நிறுவனங்கள் திறந்து பார்த்ததாக அது சொன்னது. தமிழ்நாட்டுக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு. கொரோனா காலத்தில் தள்ளிப்போன 2020 நவம்பர், டிசம்பர் பருவத் தேர்வை அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் ஆன்லைன் கண்காணிப்பில் நடத்தியது. முடிவுகளில் ஏராளமானோர் தேறவில்லை. பலருடைய முடிவுகள் நிறுத்தி வைக்கப்பட்டன. மாணவர் புகார்கள் குவிய, மே மாதத்தில் மறுதேர்வு நடத்தப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது.

தேர்வு எழுதுபவர் செய்யக்கூடியவை சில. வெளிச்சம் முகத்துக்கு முன்னால் இருக்கட்டும். குனிந்து எழுத வேண்டிய தேர்வென்றால் திரையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, தாளின் மீது குனிந்தாலும் முகம் சட்டத்துக்குள் வருகிறதா என்று மாதிரித் தேர்விலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். தானாக வரும் அப்டேட்களையும் அறிவிப்புகளையும் முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும். எச்சரிக்கை வந்தால் வினா எண்ணையும் நேரத்தையும் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு முறைகேடு என்று கடிதம் வந்தால், எத்தனை ஃப்ளாக் என்று கேட்பதில் பயனில்லை. குறிப்பிட்ட நிகழ்வின் நேரம், அது எத்தனை நொடி நீடித்தது, அந்த நொடிகளின் படங்கள், அப்போதைய விடைப் பதிவு ஆகிய நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.