மிஸ்டு காலுக்கு நான்கு வரி பதில்

கோவையில் டெஸ்டராக வேலை பார்க்கும் ஒருவர் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் காலை 11.20க்கு அங்கிருந்து போன் வருகிறது. அவரோ மீட்டிங்கில் இருக்கிறார். வெளியே வந்து திருப்பி அழைத்தால், எக்ஸ்டென்ஷன் எண்ணை அழுத்தச் சொல்லும் பதிவுக் குரல்தான் கேட்கிறது. கூப்பிட்டது யார் என்றே தெரியவில்லை.

இங்கே கைகொடுப்பது மின்னஞ்சல். எச்.ஆர். ஏற்கெனவே மெயில் அனுப்பியிருந்தால் அதற்கே பதில் எழுதுவது நல்லது. பழைய விவரமெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். புதிதாக எழுதினால், தலைப்பிலேயே பெயரும் விண்ணப்பித்த பதவியும் வரவேண்டும். ஒரே நாளில் பல பதவிகளுக்குப் பலரை அழைப்பவருக்கு, "உங்கள் அழைப்பு" என்ற தலைப்பிலிருந்து எதுவும் விளங்காது. அலுவலக மெயிலிலிருந்து மட்டும் அனுப்பவே கூடாது. அது நிறுவனத்தின் கணக்கு. அங்கே நிர்வாகம் பார்க்க முடியும்.

மெயிலின் சாரம் இவ்வளவுதான்:

"வணக்கம். இன்று காலை 11.20க்கு நீங்கள் அழைத்தபோது எடுக்க முடியவில்லை, மன்னிக்கவும். சீனியர் டெஸ்டர் பணி குறித்துப் பேச விரும்புகிறேன். நாளை புதன் மதியம் 1 முதல் 1.45 வரை, மாலை 5.30 முதல் 6.30 வரை, அல்லது வியாழன் காலை 9.30 முதல் 10 வரை பேச வசதிப்படும். இதே எண்ணில் அழைக்கலாம்."

ஏன் எடுக்கவில்லை என்ற விளக்கம் இதில் இல்லை. அதை யாரும் கேட்கப்போவதில்லை.

பலரும் சறுக்கும் இடம் நேரம்தான். "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்பது பணிவாகத் தோன்றும். ஆனால் அடுத்த அழைப்பும் இன்னொரு மீட்டிங்கின் நடுவே வந்து நிற்கும். "இரவு 8 மணிக்கு மேல்" என்று மட்டும் சொன்னால், எச்.ஆர். தன் வேலை நேரம் முடிந்த பிறகு அழைக்க வேண்டியிருக்கும். அதனால் சொல்லும் நேரங்களில் ஒன்றாவது அவருடைய அலுவலக நேரத்துக்குள் இருக்க வேண்டும். முதல் அழைப்பு பெரும்பாலும் நோட்டீஸ் பீரியட், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம் ஆகியவற்றைக் கேட்டு முடிந்துவிடும். மதிய இடைவேளையே அதற்குப் போதும்.

வெளிநாட்டு நிறுவனம் என்றால் எந்த ஊர் நேரம் என்று எழுத வேண்டும். நமக்கு மாலை 6.30 என்றால் சிங்கப்பூரில் இரவு 9.

அனுப்பிய பிறகு அந்த நேரங்களில் வேறு வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. புதன் மாலை திடீரென மீட்டிங் வந்துவிட்டால், அந்த நேரம் மட்டும் ஒத்துவராது என்று உடனே இன்னொரு வரி அனுப்பிவிடலாம். வியாழன் காலையும் அழைப்பு வராமல் போனால், அன்று மதியம் அதே மெயிலின் கீழ் ஒருமுறை நினைவூட்டி, புதிதாக இரண்டு நேரங்களைக் குறிப்பிட வேண்டும்.